வந்தான், வந்தாள், வந்தா

காது கேளாதோருக்காகத் தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் எழுதும் வேலையில், பேச்சுமொழியை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. எதை 'அப்படியே' என்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஒரு தொடரை மூன்று பேர் பிரித்துக்கொண்டு எழுதினோம். ஒருவர் 'பண்ணுறேன்' என்றும், மற்றவர் 'பண்றேன்' என்றும், நான் அவசரத்தில் சில இடங்களில் 'பன்றேன்' என்றும் எழுதியிருந்தோம். காதுக்கு ண, ன வேறுபாடு எட்டாததால் நேர்ந்த பிழை அது. கண்ணுக்கோ அது பன்றியை நினைவூட்டும். 'பண்ணு' என்பதே வேர் என்பதால் 'பண்றேன்' என்று முடிவு செய்தோம். ஒலி எவ்வளவு தேய்ந்தாலும், மிஞ்சி நிற்கும் எழுத்து எழுத்துத்தமிழில் உள்ள எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதை அன்றுமுதல் கடைப்பிடிக்கிறோம். 'வேண்டும்' என்பதிலிருந்து வருவதால் 'வேணும்' என்பதில் ண. நடிகர் 'வாளப்பளம்' என்று சொன்னாலும் எழுதுவது 'வாழைப்பழம்'.

இந்த விதிக்கு எளிதில் அடங்காத சொல் 'வந்தா'. ஒரு காட்சியில் மாமியார் மருமகளைப் பற்றி, "அவ வந்தா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்கிறார். இடையில் அவர் சற்று நிறுத்துவதால், வசனத்தை இரண்டு துண்டுகளாக வெட்டினேன். முதல் துண்டாகத் திரையில் 'அவ வந்தா' மட்டுமே நின்றது. எங்களுக்காகப் படித்துப் பார்க்கும் காது கேளாத நண்பர் ஒருவர், மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே புரிந்துகொண்டார். குரலின் ஏற்றம் கேட்பவருக்குத் தரும் குறிப்பு அவருக்கு இல்லை.

வந்தாள், வந்தால் இரண்டும் பேச்சில் 'வந்தா' ஆகிவிடுகின்றன. 'வந்தான்' என்பதும் மூக்கொலி மட்டும் மிஞ்ச அதற்கு அருகில் வந்துவிடுகிறது. 'வந்தாளா' என்று கேட்டால் ள் திரும்புகிறது, 'வந்தாலும்' என்றால் ல் திரும்புகிறது. ஆகவே வேரைப் பார்த்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது, ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆளைக் காட்டும் விகுதிகளில் ன், ள் இரண்டையும் எழுதி, நிபந்தனைப் பொருளில் மட்டும் ல் இல்லாமல் 'வந்தா' என்று எழுதத் தீர்மானித்தேன். 'சொன்னால்', 'போனால்' என்று எழுதினால் கிராமத்துப் பாத்திரம் மேடையில் பேசுவதுபோல் ஆகிவிடும் என்பதே காரணம். 'அவ வந்தாள்' என்பதில் ள் காதில் விழவில்லையே என்று இயக்குநரின் உதவியாளர் கேட்டார். 'வந்தான்' என்பதிலும் ன் முழுதாக ஒலிப்பதில்லை, அதை எழுதுவதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லையே என்றேன்.

ஆனால், விதி மட்டும் அந்த மாமியாரின் வசனத்தைக் காப்பாற்றவில்லை. முதல்முறை படிப்பவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அதனால் அங்கே வெட்டுவதை விட்டுவிட்டு, முழு வசனத்தையும் ஒரே துண்டில் இரண்டு வரிகளாக வைத்தேன். நடிகர் நிறுத்துவதற்கு முன்பே மீதிச் சொற்கள் தெரிந்துவிடுவது காட்சியின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆயினும் அதை ஏற்றுக்கொண்டேன்.