எதில் 30 சதவீதம்?

“எதில் 30 சதவீதம்?” என்று தேர்வுக் குழுவில் இருந்த அம்மையார் கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை. எண் இல்லாத தன்விவரக் குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ‘அலுவலகச் செயல்திறனை 30 சதவீதம் உயர்த்தினேன்’ என்று நானே எழுதி வைத்த வரி அது. “பொதுவாக எல்லாவற்றிலும்தான், மேடம்” என்று சமாளித்தேன். அவர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதன்பிறகு நான் உண்மையாகச் செய்த வேலைகளைப் பற்றிச் சொன்னவற்றைக்கூட அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பதினொரு ஆண்டுகள் அலுவலக நிர்வாகத்தில் இருந்த எனக்கு ஒரே ஒரு பொய் எண்ணால் நேர்ந்த கதி இது.

அடுத்த விண்ணப்பத்துக்கு முன் மெய்யான ஆதாரம் தேடுவது என்று முடிவு செய்து, முதலில் பழைய அலுவலகத்துக்குப் போனேன். பணியில் இருந்தபோது எனக்கு வந்த மின்னஞ்சல்கள் இருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்; ஆனால் விலகிய அன்றே அந்தக் கணக்கை மூடியிருந்தார்கள். எஞ்சியது அனுபவச் சான்றிதழ். அதில் பதவியின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், ‘நடத்தை திருப்திகரமாக இருந்தது’ என்ற ஒரு வாக்கியம், அவ்வளவுதான். நான் செய்த பணிகளையும் சேர்த்து எழுதித் தர இயலுமா என்று கேட்டதற்கு, எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “படிவம் இப்படித்தாங்க” என்றார். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனதற்குக் கிடைத்தது அந்த இரண்டு சொற்கள். விலகுவதற்கு முன்பே, எந்தெந்தப் பணிகளைச் செய்தோம் என்பதைப் பணி ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்று வைத்திருந்தால் இந்த அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. அந்தக் குறிப்பின் ஒரு நகலை நாம் வைத்துக்கொள்ள அனுமதியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

அங்கிருந்து வேறு ஊருக்கு மாறிப் போயிருந்த என் பழைய மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். மனிதர் தாராளமாக எழுதினார்: நேர்மையானவர், கடின உழைப்பாளி, யாரிடமும் இனிமையாகப் பழகுபவர். படிக்க மகிழ்ச்சியாக இருந்தாலும், பெயரை மாற்றினால் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் கடிதம் அது. குறை அவருடையது அன்று. ‘ஒரு கடிதம் தாருங்கள், சார்’ என்று மட்டும் கேட்டால் உரிச்சொற்கள்தாம் வரும். ஆகவே தயக்கத்தை விட்டு, இரண்டே கேள்விகளை எழுதி அனுப்பினேன். நான் வருவதற்கு முன்பு உங்களுக்கு அடிக்கடி தலைவலி கொடுத்த வேலை எது? நான் வந்த பிறகு அதில் எது நின்றது? மறுநாளே பதில் வந்தது: “கொள்முதல் கோரிக்கைகளைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் அந்த ஒரு பக்கத் தாளை ஒட்டிய பிறகு அதற்காக நான் கணக்குப் பிரிவுக்கு நடக்க வேண்டியிருக்கவில்லை.”

அந்தத் தாளை நான் மறந்தே போயிருந்தேன். கோரிக்கையுடன் என்னென்ன இணைக்க வேண்டும் என்று ஏழு வரிகளில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியது. நிர்வாக வேலையின் இயல்பு அப்படி: நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்காது, நடக்காத ஒன்றை யாரும் பதிந்து வைப்பதில்லை. ஆனால் அது நம்மிடம் பதிவாகாவிட்டாலும், நம் தவற்றால் அல்லல்பட்ட பிரிவில் பதிவாகியிருக்கும். கணக்குப் பிரிவில் வரவுப் பதிவேடு ஒன்று உண்டு. கோரிக்கை வந்த நாள், அனுமதித்த நாள் அல்லது திருப்பிய நாள், திருப்பியதற்கான காரணம் ஆகியவற்றை அதில் எழுதுவார்கள். அங்கே இன்னும் பணியாற்றும் தோழி ஒருவர், தன் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, பக்கங்களை நகலெடுக்காமல் எண்ணி மட்டும் சொன்னார். தாள் ஒட்டுவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் 41 கோரிக்கைகள், அவற்றில் 17 திரும்பியவை. பிந்தைய ஆறு மாதங்களில் 38 கோரிக்கைகள், 4 திரும்பியவை.

எண் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். தோழிதான் நிதானமாக, “அதே சமயத்தில் இங்கே அதிகாரி மாறினார், தெரியுமா? புதியவர் கொஞ்சம் இளகிய மனத்துக்காரர்” என்றார். மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் குறைந்ததற்குக் காரணம் என் தாளா, அவருடைய இளகிய மனமா என்று யாராலும் சொல்ல முடியாது. காரணப் பத்தியை மறுபடி பார்க்கச் சொன்னேன். முன்பு திரும்பிய 17-இல் 13, மூன்று விலைப்புள்ளிகள் இல்லாமலோ பிரிவுத் தலைவரின் கையொப்பம் விடுபட்டோ திரும்பியவை; இரண்டும் என் தாளில் இருந்தவை. பின்பு திரும்பிய 4-இல் அந்தக் காரணங்களுக்காகத் திரும்பியது ஒன்று மட்டுமே. மற்ற மூன்றும் செலவுத் தலைப்புத் தவறானதால் திரும்பியவை, அது என் தாளில் இல்லவே இல்லை. அதிகாரியின் மனம் இளகியிருந்தால் எல்லாக் காரணங்களும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். தாள் சொன்னவை 13-இலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தன; மற்றவை நான்கிலிருந்து மூன்றாக மட்டுமே. ஐயத்தை முற்றாகப் போக்காது என்றாலும், 30 சதவீதத்தைவிட ஆயிரம் மடங்கு மேலான ஆதாரம் இது.

இதே வேளையில் ஆசிரியையாக இருக்கும் என் சித்தி மகளுக்கும் வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும் வேலை இருந்தது. வகுப்பின் தேர்ச்சி விகிதத்தை முதலில் எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளைகள் முந்தைய ஆண்டில் எப்படி இருந்தார்கள், எத்தனை பேர் தனிப்பயிற்சிக்குப் போனார்கள் என்று நான் கேட்டதும் அதை அடித்துவிட்டாள். பிறகு ஒரு மாணவியின் கட்டுரை நோட்டை எடுத்து வந்தாள். முதல் பருவத்தில் நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடிய ஒரு பக்கப் பத்தி, ஓரத்தில் சிவப்பு மையில் ‘யார் சொன்னது? எங்கே நின்று சொன்னது?’ என்ற அவளுடைய கேள்விகள், கடைசிப் பருவத்தில் அதே கேள்விகளுக்குத் தானாகவே விடை சொல்லும் மூன்று பத்திகள். கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம்தான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளையின் நோட்டைத் தேடி எடுத்தாயா என்று எவரும் கேட்பார்கள். அதனால் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பத்தாவது பெயருக்கும் உரிய நோட்டு என்று திறக்கும் முன்பே விதி வைத்துக்கொண்டு நான்கு நோட்டுகளை எடுத்தாள். அவற்றில் ஒன்றில் முன்னேற்றம் ஏதும் இல்லை. அதையும் சேர்த்தே வைத்தாள். பெயர்களை மறைப்பதற்கும், தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெறுவதற்கும் ஒரு வாரம் ஆனது.

எனக்கு இரண்டாவது நேர்முகத் தேர்வு வேறோர் இடத்தில் நடந்தது. தன்விவரக் குறிப்பில் சதவீதம் ஒன்றுகூட இல்லை. ‘ஆறு மாதங்களில் 41-க்கு 17 திரும்பிய கோரிக்கைகள், அடுத்த ஆறு மாதங்களில் 38-க்கு 4 ஆயின’ என்ற வரியும், எண்ணியது எந்தப் பதிவேட்டிலிருந்து என்ற விவரமும் மட்டும் இருந்தன. குழுத் தலைவர் நான் எதிர்பார்த்தபடியே, “அது உங்கள் தாளால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். அதிகாரி மாறியதையும் மறைக்காமல் காரணப் பத்தியைப் பற்றி விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “செலவுத் தலைப்பை ஏன் தாளில் சேர்க்கவில்லை?” என்றார். எனக்கு அப்போது தோன்றவில்லை என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, தங்கள் அலுவலகத்தில் எந்தக் காரணத்துக்காகக் கோரிக்கைகள் அதிகம் திரும்புகின்றன என்று அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.