900 அறைகள், 899 திறப்புகள்: யூனியன் ஃபைண்ட் எழுதிப் பார்த்த அனுபவம்

30 வரிசை, 30 நிரல் கொண்ட ஒரு கட்டத்தில் புதிர்வழி வரைய விரும்பினேன். எல்லா அறைகளுக்கும் செல்ல வழி இருக்க வேண்டும். ஆனால் எந்த இரண்டு அறைகளுக்கும் இடையே ஒரே ஒரு பாதைதான் இருக்க வேண்டும். 900 அறைகளும் முதலில் தனித்தனியாக அடைபட்டிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள 1740 உட்சுவர்களைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சுவரின் இருபுறமும் வெவ்வேறு குழுவாக இருந்தால் சுவரை அகற்றுவதும், ஏற்கெனவே ஒரே குழுவாக இருந்தால் விட்டுவிடுவதும்தான் முறை. ஒரே குழுவுக்குள் சுவரை அகற்றினால் சுற்றிவரும் பாதை ஒன்று உருவாகிவிடும். ஆகவே குழுக்களைக் கணக்கிடும் அதே கேள்வி சுழலையும் கண்டுபிடித்துவிடுகிறது.

இப்படிக் குழுக்களை இணைத்தும் தேடியும் கணக்கு வைக்கும் முறைதான் யூனியன் ஃபைண்ட். இதற்கு `parent` என்ற ஒரே ஒரு பட்டியல் போதும். ஒவ்வோர் அறையும் தன் குழுவில் உள்ள வேறோர் அறையைச் சுட்டும். தன்னையே சுட்டும் அறை அந்தக் குழுவின் வேர். ஓர் அறையிலிருந்து தொடங்கி அதன் வேரைத் தேடித் தருவது `find` என்ற சார்பு. இரண்டு அறைகளின் வேர் ஒன்றாக இருந்தால் அவை ஒரே குழு. தொடக்கத்தில் குழு எண்ணிக்கையை 900 என்று வைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்றைக் குறைத்து வந்தால், எந்த நேரத்திலும் எத்தனை இணைந்த பகுதிகள் உள்ளன என்பது கையில் இருக்கும். அது 1 ஆகும்போது சரியாக 899 சுவர்கள் அகன்றிருக்க வேண்டும்.

என் முதல் நிரலில் 899-ஐத் தாண்டிச் சுவர்கள் அகன்றுகொண்டே இருந்தன. இணைக்கும் இடத்தில் `parent[a] = b` என்று எழுதியிருந்ததுதான் காரணம். மூன்று அறைகளைத் தாளில் வரைந்த பிறகே பிழை புலப்பட்டது. முதலில் 0, 1 இணைகின்றன. 0 இப்போது 1-ஐச் சுட்டுகிறது. அடுத்து 0, 2 இணைகின்றன. 0 இப்போது 2-ஐச் சுட்டுகிறது, 1 தனியாக விடப்படுகிறது. அதன் பிறகு 1, 2 வரும்போது வேர்கள் வேறு என்று விடை கிடைக்க, அந்தச் சுவரும் அகல்கிறது; 0-1-2 என்ற சுழல் பிடிபடாமல் உள்ளே வந்துவிடுகிறது. இணைய வேண்டியவை அறைகள் அல்ல, அவற்றின் வேர்கள். `parent[find(a)] = find(b)` என்று மாற்றியதும் எண்ணிக்கை 899-இல் நின்றது.

அடுத்த சிக்கல் வேகம். 0→1→2→3→4 என்று சங்கிலி நீண்டிருந்தால், 0-இன் வேரைக் காண நான்கு தாவல்கள் வேண்டும். மறுபடி கேட்டால் மறுபடியும் நான்கு. பாதைச் சுருக்கம் என்பது, ஒருமுறை நடந்து வேரை அறிந்த பிறகு, வழியில் கண்ட ஒவ்வோர் அறையையும் நேரே அந்த வேரைச் சுட்டும்படி திருத்திவிடுவதே. 0, 1, 2 ஆகியவை 4-ஐ நேரே சுட்டத் தொடங்கும். 3 ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. குழுவில் யார் யார் என்பது மாறுவதில்லை, வேருக்கான தொலைவு மட்டுமே குறைகிறது.

இதை முதலில் தன்னையே அழைக்கும் சார்பாக, இரண்டே வரிகளில் எழுதியிருந்தேன். புதிர்வழியில் அது சரியாக ஓடியது. ஆனால் 40000 அறைகள் கொண்ட ஒரே நீண்ட தாழ்வாரத்தில், (0,1), (1,2), (2,3) என்ற வரிசையில் இணைத்துவிட்டு `find(0)` கேட்டபோது `RecursionError` வந்தது. சுருக்கம் இருந்தும் ஏன் என்று நெடுநேரம் யோசித்தேன். இந்த வரிசையில் ஒவ்வோர் இணைப்பும் வேர்களை மட்டுமே கேட்கிறது. நடக்கப் பாதையே இல்லாததால் எதுவும் சுருங்கவில்லை, சங்கிலி மட்டும் வளர்ந்தது. முதல் நீண்ட நடை `find(0)`-தான். அதில் பைத்தானின் வழக்கமான வரம்பான 1000 உள் அழைப்புகள் தாண்டிவிட்டன. ஆகவே இரண்டு சுற்றாக மாற்றி எழுதினேன்:

```python
def find(x):
    root = x
    while parent[root] != root:
        root = parent[root]
    while parent[x] != root:
        nxt = parent[x]
        parent[x] = root
        x = nxt
    return root
```

இதோடு ஒவ்வொரு வேரிலும் குழுவின் அளவை எழுதி வைத்து, சிறிய குழுவின் வேரைப் பெரியதன் கீழ் இணைத்தால், நீண்ட சங்கிலி உருவாவதே இல்லை. n அறைகளில் வேருக்கான மிக நீண்ட தொலைவு log₂ n-ஐத் தாண்டாது, 40000 அறைகளுக்கு அதிகபட்சம் 15 தாவல்கள். பாதைச் சுருக்கமும் இதுவும் சேரும்போது ஒரு கேள்விக்கான சராசரிச் செலவு ஏறத்தாழ மாறிலியாகவே இருக்கும் என்பதை ராபர்ட் டார்ஜன் 1975-இல் நிறுவினார்.

திசையுள்ள வரைபடத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. 0→1, 0→2, 1→2 என்ற மூன்று அம்புகளில் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வழியே இல்லை; ஆனால் மூன்றாவது அம்பில் சுழல் இருப்பதாக இந்தச் சோதனை சொல்லிவிடும். அகற்றிய சுவரை மீண்டும் எழுப்பவும் இதில் வழியில்லை, ஏனெனில் எந்தச் சுவரால் எந்த அறை இணைந்தது என்ற தடயம் `parent` பட்டியலில் இருப்பதில்லை. ஒரு சுவரை மீட்க வேண்டியபோது, மீதமுள்ள திறப்புகளைக் கொண்டு `parent` பட்டியலை முதலிலிருந்து கட்டினேன். 900 அறைகளுக்கு அந்தச் செலவு பொருட்டாகவே இல்லை.