எழுபத்தேழு

2021 ஜூன் 18, வெள்ளிக்கிழமை இரவு. கொரோனா இரண்டாவது அலை கொஞ்சம் தணிந்திருந்த நேரம், நைட் டெஸ்க்கில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை, ஆபீஸில் நானும் பக்கம் போடுகிற இரண்டு பேரும் மட்டும். வெளியூர்களுக்குப் போகிற மொஃபசல் எடிஷன் எல்லாம் போய்விட்டது. நள்ளிரவு தாண்டியதும் சண்டிகரிலிருந்து செய்தி வந்தது, ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் பதினொன்றரை மணிக்கு இறந்துவிட்டார் என்று. மனைவி நிர்மல் கௌர் இறந்து ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது. சிட்டி எடிஷனுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது, முதல் பக்கத்தில் ஒரு பெட்டி, விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம் வேண்டும் என்றார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் யாரும் நூலகத்துக்கு ஓட முடியாது. பழைய பேட்டிகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் பத்துப் பதினைந்து ஜன்னல்களில் திறந்து வைத்துக்கொண்டு, எது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். பிறந்த ஆண்டு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதனால் ‘வயது 91’ என்று ஏஜென்சி சொன்னதையே போட்டேன். ஆனால் ஒரு வரி மட்டும் பெரிய பத்திரிகை, சின்னப் பத்திரிகை, ஆங்கிலம், தமிழ் என்று பேதமில்லாமல் பல இடத்தில் இருந்தது: ‘80 போட்டிகளில் ஓடி 77-ல் வென்றவர்.’ இத்தனை பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று உபதலைப்பிலேயே தூக்கிப் போட்டேன். பார்க்கவும் அழகாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்கு நாள் கழித்து ஒரு போன். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், குரலிலேயே விசில் சத்தம் கேட்கும். “தம்பி, மில்கா கட்டுரை நீங்க எழுதினதா? நல்லாத்தான் இருந்துச்சு. ரோம் ஒலிம்பிக்ல மட்டும் அவரு எத்தனை தடவை ஓடினாருன்னு எண்ணிப் பாத்தீங்களா?”

“ஃபைனல்ல நாலாவது சார்.”

“ஃபைனலுக்கு நேரா விமானத்துல போயி எறங்கினாரா? அதுக்கு முன்னாடி மூணு சுத்து இருக்குல்ல. எண்ணிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்” என்று வைத்துவிட்டார்.

எண்ணினேன். அன்று மதியம் ஷிஃப்டுக்கு முன்னால், வெறும் பேப்பரும் பேனாவுமாக. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் ஓடினார், இரண்டிலும் முதல் சுற்றிலேயே வெளியே. ஆகத் தோல்வி இரண்டு. 1960 ரோமில் 400 மீட்டருக்கு நான்கு சுற்று. அரையிறுதியில் 45.9 விநாடி, அமெரிக்காவின் ஓடிஸ் டேவிஸுக்குப் பின்னால் இரண்டாவது. செப்டம்பர் 6 இறுதிப் போட்டியில் நான்காவது. இன்னும் இரண்டு, மொத்தம் நான்கு. முதல் இரண்டு சுற்றுகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்புறம் கல்கத்தா தேசியப் போட்டியில் மக்கன் சிங்கிடம் தோற்றது, அது ஐந்து. (அந்தத் தோல்வியை ஓர் இடத்தில் 1962 என்றும் இன்னோர் இடத்தில் 1964 என்றும் எழுதியிருக்கிறார்கள்.)

80-ல் 77 என்றால் மொத்த வாழ்க்கையிலும் மூன்றே தோல்விதான். எல்லோருக்கும் தெரிந்த பந்தயங்களை மட்டும் வைத்தே நான் ஐந்துக்கு வந்துவிட்டேன், அதுவும் கால் மணி நேரத்தில்.

சரி, தகுதிச் சுற்றுகளை விட்டுவிட்டு இறுதிப் போட்டிகளை மட்டும் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வேறு ஏதோ ஒரு கணக்கில் 77 சரியாகக்கூட இருக்கலாம், கழித்துக்கட்ட எனக்கு ஆதாரமில்லை. ஆனால் நான் படித்த எந்தக் குறிப்பிலும் அந்த 80 போட்டிகள் எவை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு பட்டியல் இல்லை. எண் மட்டும்தான் இருந்தது. எதை எண்ணினார்கள் என்றே தெரியாத ஓர் எண்ணைத்தான் நான் உபதலைப்பில் போட்டிருக்கிறேன்.

பதினைந்து இடத்தில் இருந்ததே என்றால், அந்தப் பதினைந்தும் பதினைந்து சாட்சி இல்லை. ஒரு நிருபர் பேட்டிக்குப் போகுமுன் என்ன செய்வார்? முந்தைய பேட்டியைப் படிப்பார். அதில் உள்ளது இவர் எழுதுவதன் முன்னுரையில் வரும், அடுத்தவர் இவருடையதைப் படிப்பார். ஆள் இறந்ததும் எங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து ‘அடடா, எல்லாரும் ஒத்துப்போகிறார்களே’ என்போம். ஒருவர் விடைத்தாளைப் பார்த்து வகுப்பே எழுதியிருந்தால் விடை ஒத்துப்போகத்தானே செய்யும்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அது என் சொந்த அனுபவம். சில வருடத்துக்கு முன் ஒரு பழைய கபடி வீரரைப் பேட்டி எடுக்கப் போனேன். வீட்டுத் திண்ணை, டம்ளரில் டீ, எழுபது வயதுக்கு மேல். முன்பு யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, “ஐயா, நீங்க பதினொரு தடவை மாநில அணிக்கு ஆடியிருக்கீங்க இல்லையா?” என்று கேட்டேன். அவர் ஒரு விநாடி யோசித்து, “ஆமா, இருக்கும் தம்பி” என்றார். என் கட்டுரையில் அது ‘பதினொரு முறை மாநில அணிக்கு ஆடியதை நினைவுகூர்ந்தார்’ என்று ஆகிவிட்டது. நினைவுகூர்ந்தது நான், தலையாட்டியதுதான் அவர்! கிளம்பும்போது அவர் மகன் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்தார், சான்றிதழ்கள் ஏழு இருந்தன. கரையானுக்குக் கொஞ்சம் போயிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பதினொன்று என்றே அனுப்பினேன். இன்றைக்கு அவரைப் பற்றி யார் எழுதினாலும் பதினொன்றுதான், ‘அவரே சொன்னது’ என்ற முத்திரையோடு. அவர் பொய் சொல்லவில்லை. விருந்தாளி ஆசையாக ஒரு எண்ணைச் சொல்லும்போது அதைக் குறைப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கலாம்.

அதற்கப்புறம் பேட்டிகளைப் படிக்கும்போது பதிலைவிடக் கேள்வியை உற்றுப் பார்க்கிறேன். எண் கேள்விக்குள் இருந்து வந்ததா, அவராகச் சொன்னாரா? அச்சில் கேள்வியை வெட்டிவிட்டிருந்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மில்கா விஷயத்தில் வாத்தியாரோடு மறுபடி பேசியபோது இன்னொன்றும் கிளம்பியது. ‘ரோமில் பதக்கம் தவறினாலும் ஒலிம்பிக் சாதனையை முறியடித்தார்’ என்றும் நான் எழுதியிருந்தேன். இதுவும் எங்கும் இருக்கிற வரிதான், ஆனால் இது 77 மாதிரி காற்றில் பிறந்ததில்லை, பாதி உண்மை. ரோமுக்கு முன்னால் ஒலிம்பிக் சாதனை 45.9 விநாடி, 1952 ஹெல்சிங்கியில் வந்தது. இறுதியில் மில்கா ஓடியது 45.6. இந்த இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்தால் முறியடித்த மாதிரிதான் தெரியும். ஆனால் டேவிஸ் அரையிறுதியிலேயே 45.5 ஓடிவிட்டார், அதாவது இறுதிக்கு வரிசையில் நிற்கும்போது சாதனையே 45.5. அந்த இறுதியில் டேவிஸும் ஜெர்மனியின் கார்ல் காஃப்மனும் 44.9 ஓடி உலக சாதனை படைத்தார்கள், தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5. மில்காவுக்கு முன்னால் வந்த மூன்று பேரும் பழைய 45.9-ஐத் தாண்டினவர்கள்தான். ‘ரோமுக்கு முன்னால் நின்ற சாதனையைவிட வேகமாக ஓடினார்’ என்றால் சரி, ‘முறியடித்தார்’ என்றால் தப்பு.

“அப்ப 45.73-ன்னு போடுறாங்களே, அது?” என்று கேட்டேன், நான்தான் உற்சாகமாகிவிட்டேன். அவர் சிரித்தார். அது தப்பே இல்லையாம். 45.6 என்பது கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரம், 45.73 மின்கருவி காட்டியது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும், அதனால் கைக்கணக்கு எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். ஒத்துப்போகாத இரண்டு எண்ணும் சரி, ஒத்துப்போன எண்ணுக்குத்தான் ஆதாரமில்லை என்று அந்த ஒரே ஆளின் குறிப்புக்குள்ளேயே இரண்டும் இருந்தது எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல்தான்.

பிறந்த ஆண்டு இதில் சேராது. 1929, 1932, 1935 என்று மூன்றும் உலவுகின்றன. இன்று பாகிஸ்தானில் இருக்கிற ஒரு கிராமத்தில் பிறந்து, பிரிவினையில் பெற்றோரைப் பறிகொடுத்து ஓடிவந்த பையனிடம் எந்தப் பிறப்புச் சான்றிதழைத் தேடுவது? இங்கே எந்தப் பேட்டியையும் குற்றம் சொல்ல முடியாது. ‘1929-ல் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதலாம், அதற்குமேல் போகக் கூடாது.

இறுதி ஓட்டத்தில் பாதித் தூரத்துக்குமேல் முன்னால் இருந்ததாகவும், வேகத்தைக் குறைத்து மற்றவர்களைப் பார்த்ததில்தான் பதக்கம் போனதாகவும் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். இது நூறு பேட்டியில் இருந்தாலும் சாட்சி ஒருவர்தான், அவர்தான். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு மனிதன் தன் தோல்வியை அறுபது வருடம் எப்படிச் சுமந்தான் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, அதற்குப் பேட்டிதான் வேண்டும். ‘என்று அவர் சொல்லியிருக்கிறார்’ என்ற மூன்று சொல்லை வெட்டாமல் இருந்தால் போதும். இடம் இல்லை என்று பக்கம் போடுகிறவர் முதலில் வெட்டுவது அதைத்தான், அதற்காக நான் இப்போது சண்டை போடுகிறேன்.

எங்கள் பேப்பரில் திருத்தம் வந்தது. உள்பக்கத்தில், வரிவிளம்பரங்களுக்கு மேலே, மூன்று வரி. வாத்தியாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், “பூதக்கண்ணாடி வெச்சுத் தேடிட்டேன் தம்பி” என்று பதில் வந்தது.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ‘நினைவிருக்கிறதா’ பகுதிக்கு மில்கா பற்றி எழுதிக் கொண்டுவந்தாள். நல்ல நடை. இரண்டாவது பத்தியில் 80-ல் 77. பேனாவால் வட்டம் போட்டு, “இது எங்கேம்மா கிடைச்சுது?” என்றேன்.

“நம்ம பேப்பர்லதான் சார், அவர் இறந்தப்ப வந்திருக்கு” என்று கத்தரித்த துண்டை எடுத்து நீட்டினாள். என் பெயர் கீழே இருந்தது.