அம்மாவின் கைப்பேசியில் சுடோகு

அம்மாவுக்காகக் கைப்பேசியின் எழுத்தளவை எவ்வளவு கூட்டினாலும் சுடோகு கட்டத்தின் எண்கள் பெரிதாகாது. பெரும்பாலான விளையாட்டுகள் அமைப்புகளில் உள்ள எழுத்தளவைப் பொருட்படுத்தாமல் தம் திரையைத் தாமே வரைந்துகொள்கின்றன. ஆகவே எழுத்தும் கட்டமும் இயல்பிலேயே பெரிதாக இருக்கும் விளையாட்டைத்தான் தேட வேண்டும்.

ஏறத்தாழ 7 செ.மீ. அகலமுள்ள திரையில் 9 கட்டங்கள் நின்றால் ஒவ்வொன்றும் 8 மி.மீ.கூட வராது, 6 கட்டங்கள் கொண்ட சுடோகுவில் அது 11 மி.மீ.க்கு மேல் கிடைப்பதால், நடுங்கும் விரலும் பக்கத்துக் கட்டத்தைத் தொடுவதில்லை. நேரக்கணக்கை நிறுத்தவும், போட்ட எண்ணைத் திரும்பப் பெறவும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மா யோசிக்கும்போது திரை அணைந்துவிடாதிருக்க, அணையும் நேரத்தை 10 நிமிடமாக வைத்தேன். ஆண்ட்ராய்டில் செயலியைத் திரையில் பொருத்தி வைக்கும் வசதியை இயக்கினால், கை தவறிப் பட்டாலும் விளையாட்டிலிருந்து வெளியேறாது. வெளியேறும் முறையை மட்டும் அவர்களுக்குச் செய்து காட்டிவிட வேண்டும்.

விளம்பரங்களை மூடும் குறி மிகச் சிறியது; அதைத் தேடித் தடுமாறுபவர்களுக்கு, ஒருமுறை பணம் கட்டி விளம்பரமில்லாத பதிப்பை வாங்கித் தருவதே நல்லது என்பேன். இணையத்தைத் துண்டித்தாலும் பெரும்பாலும் விளம்பரம் வராதுதான், ஆனால் வெளியூர்ப் பேரனின் வாட்ஸப் அழைப்பும் வராது.