14 என்றால் எந்தப் பல்?

முதலாண்டு பல் உடற்கூறியல் நோட்ஸ் முழுவதையும் ஒரே அட்டவணையில் அடக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பல்லின் பெயர், எண், முளைக்கும் வயது, அடையாளம் என்று நான்கே கட்டங்கள். வேலை 14-இல் வந்து நின்றது.

ஒரு பக்கத்தில் '14: 10–11 வயது' என்றும் இன்னொரு பக்கத்தில் '14: 6–7 வயது' என்றும் என் கையெழுத்திலேயே இருந்தது. எழுதும்போது கை தவறிவிட்டது என்று நினைத்து இரண்டாவதை அடித்துவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது, இரண்டுமே சரி. பாடம் எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எஃப்.டி.ஐ. முறையில் எண் சொன்னார், மற்றவர் யுனிவர்சல் முறையில்.

எஃப்.டி.ஐ.யில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆகவே 14 மேல் வலது முதல் ப்ரீமோலார். யுனிவர்சலில் மேல் வலது ஞானப்பல்லை 1 என்று தொடங்கி மேல்வரிசை முழுக்க எண்ணிக்கொண்டே போவார்கள். அங்கே 14 மேல் இடது முதல் மோலார், அதாவது எஃப்.டி.ஐ. 26. பால் பற்களில் இந்தக் குழப்பம் வராது, யுனிவர்சலில் அவற்றுக்கு எழுத்துகள்தான்.

அதன்பிறகு எஃப்.டி.ஐ. எண்ணை மட்டும் முதல் கட்டத்தில் வைத்து, யுனிவர்சலைக் கடைசிக்குத் தள்ளினேன். வயதுக் கட்டம் நல்ல காவல்காரன். நிரந்தரப் பல்லில் இரண்டாவது இலக்கம் 6 என்றால் வயது 6–7 ஆகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் முறை கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் வலமா இடமா என்பதை வயது காட்டாது. செய்முறை வகுப்பில் அங்கேதான் மாட்டினேன். தட்டில் இருந்த பல்லில் இரண்டு முகடு, இரண்டு வேர், ஒரு பக்கம் வேரை ஒட்டி நல்ல பள்ளம். மேல் முதல் ப்ரீமோலார் என்பதில் சந்தேகமில்லை, அந்தப் பள்ளம் இருப்பது மீசியல் பக்கம். கன்னப்பக்கம் என்னைப் பார்க்க, வேர் மேலே இருக்கும்படி பிடித்தேன். பள்ளம் என் வலப்புறம் வந்தது. நடுக்கோடு நோக்கிய பக்கம் மீசியல் என்பதை மறந்து, பல்லின் உடல் இடப்புறம்தானே இருக்கிறது என்று 24 எழுதினேன். விடை 14. நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்தால் அவருடைய வலப்பக்கப் பல்லுக்கு நடுக்கோடு என் வலப்புறம்தான் வரும்.

அடையாளக் கட்டத்தில் இப்போது 'மீசியல் என் வலப்புறமா? அப்படியென்றால் மேல் வலது' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'இரண்டு வேர்' என்பதை முதல் அடையாளமாக வைத்திருந்ததையும் கீழே இறக்கிவிட்டேன். ஒற்றை வேர் உள்ள முதல் ப்ரீமோலாரும் உண்டு, அதிலும் மீசியல் பள்ளம் இருக்கும். கீழ்வரிசைக்கு வேர் கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும், இந்தப் பக்கக் கணக்கு அங்கேயும் அதேதான்.