கம்யூட்டேட்டர் மட்டும் போதாது: ஏணி ஆபரேட்டர் வழியில் n+½ வரைக்கும் போன கதை

இரண்டாம் ஆண்டு குவாண்டம் பேப்பரில் ஹார்மோனிக் ஆஸிலேட்டரை இரண்டு தடவை நடத்துவார்கள். முதல் தடவை ஹெர்மைட் சமன்பாடு, பவர் சீரீஸ், அது எங்கேயாவது முறியாவிட்டால் அலைச்சார்பு வெடித்துவிடும் என்று பக்கம் பக்கமாகப் போகும். இரண்டாவது தடவை a, a† என்று இரண்டு எழுத்தைப் போட்டு அரைப் பக்கத்தில் அதே விடையைக் கொண்டுவந்துவிடுவார்கள். எனக்கு அந்த அரைப் பக்கத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். டிஃபரன்ஷியல் சமன்பாட்டையே தீர்க்காமல் விடை எப்படி வரும்? எங்கேயோ ஏதோ ஒன்றைச் சொல்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்று தோன்றியதால், ஒவ்வொரு வரிக்கும் "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்டுக்கொண்டே மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்படிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சௌகரியம். நீளத்தை √(ħ/mω) என்ற அலகிலும் ஆற்றலை ħω என்ற அலகிலும் அளந்துவிட்டால் m, ω, ħ மூன்றும் காணாமல் போய்விடும். தேர்வில் கடைசியில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அப்போது மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
H = (p² + x²)/2        [x, p] = i
a = (x + ip)/√2        a† = (x − ip)/√2
```

x, p இரண்டும் சாதாரண எண்களாக இருந்தால் a†a என்பது நேராக (x² + p²)/2 ஆகிவிடும், அதாவது H-ஏதான். ஆபரேட்டர் என்பதால் குறுக்குப் பெருக்கலில் i(xp − px)/2 என்று ஒரு துண்டு மிஞ்சுகிறது. [x, p] = i போட்டால் அந்தத் துண்டு −½. ஆகவே a†a = H − ½. வரிசையை மாற்றி aa† போட்டால் H + ½ வரும், இரண்டையும் கழித்தால் [a, a†] = 1. இங்கே குறி மாறிப்போனால் கடைசியில் n − ½ என்று வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: H இரண்டு வர்க்கங்களின் கூட்டல், அதன் ஐகன் மதிப்பு மைனஸில் போகவே முடியாது. n = 0-க்கு −½ வந்தால் திரும்பிப் போய் இந்த வரியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஏணி. [H, a] = −a என்று இரண்டு வரியில் வந்துவிடும். அதை Hψ = Eψ என்ற நிலைமேல் ஏவினால்

```
H(aψ) = (E − 1)(aψ)
```

அதாவது a ஒரு படி இறக்குகிறது, a† அதே மாதிரி ஒரு படி ஏற்றுகிறது. வகுப்பில் இந்த இடம் வந்ததும் "ஆகவே மட்டங்கள் ½, 3/2, 5/2" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பன் அப்போது மெதுவாகக் கேட்டான், "ஏன்டா, 0.2, 1.2, 2.2-ன்னு இருந்தாலும் ஒவ்வொரு படிதானே?" கேள்வி சரியானது. இதுவரை எழுதிய எதுவும் 0.2-ஐத் தடுக்கவில்லை. படிக்கும் படிக்கும் இடைவெளி ஒன்று என்பதுதான் தெரியும். ஏணி எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரியாது.

தடுப்பது வேறொன்று. aψ என்ற வெக்டாரின் நீளத்தின் வர்க்கம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ψ நார்மலைஸ் ஆனது என்று வைத்துக்கொண்டால்,

```
‖aψ‖² = ⟨ψ| a†a |ψ⟩ = E − ½
```

நீளத்தின் வர்க்கம் மைனஸ் ஆகாது. ஆகவே எந்த நிலையானாலும் E ≥ ½. இப்போது நண்பனின் 2.2-ஐ எடுத்துக்கொள்வோம். E = 2.2 என்றால் ‖aψ‖² = 1.7, பூஜ்ஜியம் இல்லை, அதனால் 1.2-இல் உண்மையாகவே ஒரு நிலை இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு தடவை இறக்கினால் நீள வர்க்கம் 0.7, அதுவும் பூஜ்ஜியம் இல்லை, எனவே 0.2-இலும் ஒரு நிலை இருந்தாக வேண்டும். ஆனால் 0.2 என்பது ½-க்குக் கீழே, அங்கே நிலை இருக்கவே கூடாது. முரண்பாடு. தப்பிக்க ஒரே வழி, இறங்கும்போது ஏதோ ஒரு படியில் aψ சரியாகப் பூஜ்ஜிய வெக்டார் ஆகிவிடுவது. அது E − ½ = 0 ஆகும் இடத்தில் மட்டுமே நடக்கும். ஆகவே எந்த E-யில் ஆரம்பித்தாலும் முழு எண் படிகளில் ½-இல் போய் நிற்க வேண்டும், E = n + ½. முழு எண் வந்த இடம் இதுதான்.

இன்னொன்று. "H(aψ) = (E−1)(aψ), எனவே aψ ஒரு ஐகன் நிலை" என்று எழுதுவதில் ஒரு ஓட்டை உண்டு. aψ பூஜ்ஜிய வெக்டாராக இருந்தால் அந்தச் சமன்பாடு 0 = 0 என்றுதான் சொல்கிறது, புதிய நிலை எதையும் தரவில்லை. மேலே ஏறும்போது இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் ‖a†ψ‖² = E + ½, அது பூஜ்ஜியம் ஆகவே ஆகாது. அதனால்தான் ஏணிக்கு அடி உண்டு, உச்சி இல்லை. √n, √(n+1) என்று மனப்பாடம் செய்கிற எண்களும் இந்த இரண்டு நீளங்கள்தான், தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

அடிப்படி நிஜமாகவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். aψ₀ = 0 என்பதை x-இல் எழுதினால் ψ₀′ = −xψ₀, முதல் வரிசைச் சமன்பாடு, தீர்வு e^(−x²/2). ஒன்றே ஒன்று. முதல் வரிசை என்பதால் வேறு தீர்வுக்கு இடமில்லை, அதனால் ஒரே உயரத்தில் இரண்டாவது ஏணி கிடையாது. இங்கேதான் கால்குலஸ் உள்ளே வருகிறது. அதைத் தவிர்த்துவிட்டோம் என்று சொல்வது பாதி உண்மைதான். அப்புறம் a† = (x − d/dx)/√2 வைத்து ஏறினால் ψ₁ = √2 x ψ₀, அதற்கு மேல் ψ₂ = (2x² − 1)ψ₀/√2. முதல் தடவை நடத்திய ஹெர்மைட் பாலினாமியல்கள் அப்படியே வந்து விழுகின்றன.

சரி, நீளம் என்ற வாதம் உண்மையிலேயே தேவையா, இல்லை வெறும் அலங்காரமா? இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. aψ = 0 போடுவதற்குப் பதில் a†φ = 0 போட்டுப் பாருங்கள். φ = e^(+x²/2) வரும். aa† = H + ½ என்பதால் Hφ = −½φ. நம்பிக்கை இல்லாவிட்டால் நேராக டிஃபரன்ஷியேட் செய்யுங்கள்: φ″ = (x² + 1)φ, எனவே (−φ″ + x²φ)/2 = −φ/2. சுத்தமாகச் சரி. அதன்மேல் a-யை ஏவிக்கொண்டே போனால் −3/2, −5/2 என்று பாதாளம் வரை இறங்கும் ஒரு தலைகீழ் ஏணி கிடைக்கும். கம்யூட்டேட்டருக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. ஆட்சேபம் சொல்வது ∫φ² மட்டும்தான், அது முடிவிலி. அந்தச் சார்புக்கு நீளமே இல்லை என்பதால் நீள வாதம் அதைத் தொடாது, அதே காரணத்தால் அது நம் நிலைகளின் கூட்டத்திலும் சேராது. ஹெர்மைட் வழியில் "வெடித்துவிடும்" என்று தூக்கிப் போட்டார்களே, அதே ஆள்தான் இங்கே வேறு வாசலில் வந்து நிற்கிறார்.

இந்தச் சம இடைவெளி x² பொட்டென்ஷியல் தந்த வரம் என்பதும் இதில் தெளிவாகிறது. x³, x⁴ என்று ஏதாவது சேர்ந்தால் [H, a] = −a உடைந்துவிடும். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு n = 0-இலிருந்து 1-க்குப் போகச் சுமார் 2143 cm⁻¹ வேண்டும்; 2-க்குப் போக இரட்டிப்பாக 4286 வேண்டியது, அளந்தால் வருவது சுமார் 4260. மேல்படிகள் கொஞ்சம் நெருங்கிவிடுகின்றன. நிஜ மூலக்கூறின் பொட்டென்ஷியல் முழுப் பரவளையம் இல்லை.

கடைசியாக, தேர்வில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு. x = 0-இல் ஒரு சுவர், வலது பக்கம் மட்டும் ஆஸிலேட்டர். மட்டங்கள் என்ன? H அதே, கம்யூட்டேட்டர் அதே, "ஆகவே ½, 3/2, 5/2" என்று பலரும் எழுதிவிடுவார்கள். சரியான விடை 3/2, 7/2, 11/2. ஒற்றைப்படைச் சார்புகள்தான் சுவரில் பூஜ்ஜியமாகும் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் ஏணி வாதம் எந்த வரியில் விழுகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி. சுவர் இருப்பதால் எல்லா நிலையும் ψ(0) = 0 ஆக வேண்டும். ψ₁-ஐ ஒரு படி இறக்கினால் ψ₀ வருகிறது, அது x = 0-இல் உச்சத்தில் இருக்கிறது. அதாவது a நம்மை அனுமதிக்கப்பட்ட நிலைகளுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டது. "aψ-உம் ஒரு நிலை" என்ற வரி, பொய்யாகிறது என்ற சத்தம்கூட இல்லாமல் பொய்யாகிறது.

ஆனால் a²-ஐ எடுத்துக்கொண்டால் பிழைத்துவிடலாம். விரித்து x = 0 போட்டால் (a²ψ)(0) = (ψ(0) + ψ″(0))/2. ψ ஒரு ஐகன் நிலை என்பதால் ψ″ = (x² − 2E)ψ, அதுவும் சுவரில் பூஜ்ஜியம். ஆகவே a² சுவரை மதிக்கிறது, படி ஒவ்வொன்றும் 2. E ≥ ½ என்ற எல்லை இங்கேயும் செல்லும் (பகுதித் தொகையிடலில் வரும் ஓரத்துண்டு ψ(0) = 0 என்பதால் போய்விடுகிறது), எனவே இந்த ஏணியும் எங்கோ a²ψ = 0 என்று நின்றாக வேண்டும். அப்போது aψ பூஜ்ஜியமா? அப்படியானால் ψ என்பது e^(−x²/2), சுவரில் பூஜ்ஜியம் இல்லை, ஆட்டத்தில் இல்லை. எனவே aψ என்பது ψ₀-இன் ஏதோ ஒரு மடங்கு, அதன் ஆற்றல் ½, ψ-இன் ஆற்றல் அதற்கு ஒரு படி மேலே 3/2. அங்கிருந்து இரண்டிரண்டாக ஏறினால் 7/2, 11/2.