720 என்றால் 72 சதவீதம் இல்லை: ஏ.டபிள்யூ.எஸ். தேர்வில் மதிப்பெண் உருவாகும் விதம்

சத்துவாச்சாரியில் சனி, ஞாயிறு கூடிப் படிக்கும் எங்கள் குழுவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் போடும் கணக்கு ஒன்றுதான். "அண்ணா, 65 கேள்வி, பாஸ் மார்க் 1000-க்கு 720. அப்போ 47 கரெக்டா போட்டா போதும்தானே?" காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், கல்லூரிக் கடைசி ஆண்டுப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். இந்தக் கணக்கில் இருப்பது ஒரு தப்பு இல்லை, மூன்று. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை (SAA-C03) வைத்து அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, 65 கேள்விக்கும் மதிப்பெண் கிடையாது. 50 கேள்விக்குத்தான் உண்டு. மீதி 15 கேள்விகள் பரீட்சார்த்தமாக நுழைக்கப்படுபவை. பிற்பாடு அவற்றை மதிப்பெண் கேள்விகளாகச் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்காக, நம் பதில்களிலிருந்து தகவல் திரட்டுகிறார்கள். எந்தக் கேள்வி எந்த ரகம் என்று திரையில் தெரியாது. புரியாத புதுச் சேவை ஒன்றைப் பற்றி வினோதமாகக் கேட்டால், "இது கணக்கில் வராத கேள்வி" என்று சிலர் தாங்களே தீர்மானித்துத் தள்ளிவிடுகிறார்கள். அது ஆபத்து. தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, விடாமல் போட்டுவிட வேண்டியதுதான். இரண்டு மூன்று பதில்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி தரமாட்டார்கள்.

இரண்டாவது, அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. 100-லிருந்து 1000 வரை. நேர்கோட்டுக் கணக்கு என்றே வைத்துக்கொண்டாலும் 620-ஐ 900-ஆல் வகுத்தால் 68.9 சதவீதம்தான் வரும், 72 வராது.

மூன்றாவதுதான் முக்கியமானது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் வருவதில்லை. பல தொகுப்புகள் சுற்றில் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் சுலபம், ஒன்று கொஞ்சம் கடினம். 720 என்ற எண் மாறாது. அதை எட்டச் சரியாகப் போட வேண்டிய கேள்விகளின் எண்ணிக்கைதான் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.

அந்த எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள்? தொழில்முறைச் சான்றிதழ் தேர்வுகளில் பரவலாக உள்ள வழக்கம் இது: துறை வல்லுநர்களை உட்காரவைத்து, "இந்த வேலைக்குத் தேவையான குறைந்தபட்சத் திறமை மட்டும் உள்ள 100 பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைச் சரியாகப் போடுவார்கள்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்பார்கள். எஸ்3 சேமிப்பு வகைகளைப் பற்றிய எளிய கேள்விக்கு 85 பேர் என்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது தேர்ச்சிக் கோட்டுக்கு 0.85 சேர்க்கும். இரண்டு ரீஜன்களில் பேரிடர் மீட்பு அமைக்கும் சிக்கலான கேள்விக்கு 45 பேர் என்றால் 0.45 மட்டுமே சேரும். 50 கேள்விக்கும் கூட்டினால் வருவது தேர்ச்சிக் கோடு. கடினமான கேள்விகள் நிறைந்த தாளில் கூட்டுத்தொகை தானாகவே குறையும். அடுத்தடுத்த தொகுப்புகளில் சில பொதுக் கேள்விகளை வைத்து, அவற்றுக்கு வந்த பதில்களைக் கொண்டு கடினத்தை ஒப்பிட்டுக் கோட்டைச் சரிசெய்வதும் வழக்கம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள கோடுகளும் சூத்திரமும் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை, ஏ.டபிள்யூ.எஸ். தன் உள் கணக்கை வெளியிடுவதில்லை. குடியாத்தத்துப் பெண் எழுதிய தொகுப்பு சுலபம், கோடு 36. ஆற்காட்டுப் பையன் எழுதியது கடினம், கோடு 33. இருவரும் 50-க்கு 35 சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

```
குடியாத்தம்: 100 + 35 × (620 / 36) = 703
ஆற்காடு:    720 + (35 − 33) × (280 / 17) = 753
```

பூஜ்யத்துக்கு 100, கோட்டுக்கு 720, முழு மதிப்பெண்ணுக்கு 1000 என்று வைத்து, இடையில் நேர்கோடு இழுத்ததுதான் இது. அவள் ஃபெயில், அவன் பாஸ். அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் இருவருக்கும் 36 என்று ஒரே கோடு போட்டால், கடினமான தாள் கிடைத்த பாவத்துக்கு அவனும் விழுந்திருப்பான். எங்களுக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. கோட்டுக்கு அருகே ஒரு கேள்வியின் மதிப்பு ஏறக்குறைய 17 புள்ளி. 703 வாங்கியவர் தவறியது ஒரே ஒரு கேள்வியில்.

மாதிரித் தேர்வில் 72 சதவீதம் வந்ததும் தேதி குறிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உண்மையான திறமை 72 சதவீதமாக உள்ளவர் 50 கேள்வியில் சராசரியாக 36 போடுவார். எந்தக் கேள்விகள் வந்து விழுகின்றன என்பதைப் பொறுத்து, அதில் மூன்று கூடவோ குறையவோ ஆவது சாதாரணம். கோடும் 36 என்றால் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். முன்பு பார்க்காத கேள்விகளில் முதல் முயற்சியிலேயே 80 முதல் 85 வரை வந்தால் பணம் கட்டலாம் என்பது எங்கள் வரம்பு. ஒரே மாதிரித் தாளை நான்காம் முறை எழுதி வாங்கிய 92-க்கு மதிப்பே இல்லை, அது மனப்பாடம். 150 டாலரும் வரியும் சும்மா வருவதில்லை.

தேர்வுத் தேதியைப் பதிவுசெய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு 30 நிமிடம் கூடுதலாகக் கேட்கலாம். சான்றிதழ் கணக்கில் `ESL +30 MINUTES` என்ற சலுகையை முதலில் கோர வேண்டும், அதன்பிறகே தேதி. வரிசை மாறினால் அந்தப் பதிவுக்குச் சலுகை சேராது. 130 நிமிடம் 160 ஆகும். நீளநீளமான கேள்விகளைப் படிக்கவே திணறுகிறவர்களுக்கு இதுவே இரண்டு மூன்று கேள்வியைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

முடிவு வழக்கமாக ஐந்து வேலை நாளுக்குள் வரும். மொத்த மதிப்பெண்ணின் கீழே நான்கு பிரிவுகளிலும் நம் நிலையைக் காட்டும் அட்டவணை இருக்கும். கேள்விகளில் ஒவ்வொரு பிரிவின் பங்கு: பாதுகாப்பு 30 சதவீதம், தாங்குதிறன் 26, செயல்திறன் 24, செலவுக் கட்டுப்பாடு 20. ஒவ்வொரு பிரிவிலும் தேற வேண்டியதில்லை, மொத்தம் 720 வந்தால் போதும். தவறியவர்கள் இந்த அட்டவணையை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். செலவுப் பிரிவுக்கு 50-ல் 20 சதவீதம் என்றால் பத்தே கேள்விகள். அதில் இரண்டு தப்பினாலே அந்தப் பிரிவின் நிலை மாறிவிடலாம். அதை மட்டும் பார்த்துவிட்டுப் பாதுகாப்புப் பாடத்தை மூடிவைத்தால், அடுத்த முறை 15 கேள்வி உள்ள பெரிய பிரிவில் அடிவாங்க நேரிடும்.

மறுபடி எழுத 14 நாள் காத்திருக்க வேண்டும், கட்டணமும் முழுதாகக் கட்ட வேண்டும். முதல் முறை 690, இரண்டாம் முறை 705 என்றால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு கேள்வி வித்தியாசம்கூட இல்லை. 620-லிருந்து 705-க்கு வந்திருந்தால் அது ஐந்து கேள்வி. அப்படிப்பட்டவரிடம் 14 நாள் முடிந்ததும் தேதி போடு என்கிறோம். 690-லிருந்து 705 வந்தவரை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்கிறோம்.